நாலு அரியர் இருப்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

போன வருடம் மார்ச் மாதம் ஒரு பையன் வந்தான். பொறியியல் கடைசி வருடம், ஈசிஈ. அப்பா பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். ஏழாவது செமஸ்டரில் கேம்பஸில் வேலை கிடைத்து, அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருக்கிறார். ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பணியில் சேரும்போது அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. பையனுக்கு மூன்று அரியர். வீட்டில் மூன்றாவது செமஸ்டரிலிருந்தே "எல்லாம் கிளியர்" என்று சொல்லிவந்திருக்கிறான்.

அவன் திட்டம் எளிமையானது. ஏப்ரல்-மே தேர்வில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. என்னிடம் வந்ததும் எப்படிச் சொல்வது என்று கேட்க அல்ல, எப்படிப் படிப்பது என்று கேட்கத்தான்.

ஒரு ஏ4 தாளைக் கொடுத்து, பாடத்தின் பெயர், இதுவரை எத்தனை முறை எழுதினாய், இன்டர்னல் எவ்வளவு, கடைசியாக எழுதியபோது எவ்வளவு வந்தது என்று எழுதச் சொன்னேன். கணிதம், சிக்னல்ஸ், மின்காந்தப் புலம் என்று மூன்று வரி எழுதினான். பேனாவை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "சார், இன்னொன்னு இருக்கு" என்றான். ஆக, நாலு.

முன்பின் தெரியாத என்னிடமே நாலாவதைச் சொல்ல அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது என்றால், அப்பாவிடம் எப்படியிருக்கும்? இதனால்தான் வீட்டில் பேசுவதற்கு முன் தாளில் எழுதச் சொல்கிறேன். பயத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் சில்லறையாகத்தான் சொல்வார்கள். இன்று இரண்டு, அடுத்த மாதம் இன்னொன்று. முதல் இரண்டை அப்பா எப்படியோ தாங்கிக்கொள்வார். மூன்றாவது வெளியே வரும் நாளில், இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாய் என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் நம்பமாட்டார்.

எழுதிய பிறகு கணக்குப் பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, தேர்வு 60. தேர்வுத்தாளில் நூற்றுக்குக் குறைந்தது 45 வாங்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். சிக்னல்ஸில் அவனுடைய இன்டர்னல் 28. அதில் தாளில் 45 வாங்கினாலே பாஸ். கணிதத்தில் இன்டர்னல் வெறும் 14. அங்கே தாளில் நூற்றுக்கு 60 எடுத்தால்தான், அது அறுபதுக்கு 36 ஆகி, கூட்டினால் 50 வரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஓர் அரியர்தான், ஆனால் உழைப்பு ஒன்றல்ல. பல முறை எழுதிய பாடத்துக்கும் பழைய ரெகுலேஷன் மாணவர்களுக்கும் விதி வேறாக இருக்கலாம், அதைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தைய இரண்டு தேர்விலும் நாலையும் சேர்த்து எழுதி ஒன்றில்கூடத் தேறவில்லை. ஏன் என்று கேட்டபோதுதான் விஷயமே பிடிபட்டது. லீவு நாளில் சும்மாதானே இருக்கிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறு வந்தால் தறியில் ஆள் இல்லை, வா என்று அப்பா கூப்பிடுவார். படிக்க வேண்டும் என்று இவனால் சொல்ல முடியாது. எல்லாம் கிளியர் ஆனவனுக்குப் படிக்க என்ன இருக்கிறது? வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போனது. டியூஷனுக்குப் பணம் கேட்க முடியவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. பாஸ் பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தான், சொல்லாததால் பாஸ் பண்ண முடியவில்லை.

இதே மாதிரி இன்னொரு தள்ளிப்போடுதல் ரீவேல்யுவேஷன். "அது வரட்டும் சார், அப்புறம் சொல்றேன்" என்பார்கள். விடைத்தாள் நகலை வாங்கி அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று மார்க் குறைகிறது, ஒரு கேள்வியைச் சரியாகத் திருத்தவில்லை என்று அவர் சொன்னால் விண்ணப்பியுங்கள். இருபது மார்க் குறைகிற தாளுக்குப் பணம் கட்டுவது, வீட்டில் சொல்லும் நாளைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

சரி, யாரிடம் முதலில் சொல்வது? பெரும்பாலோர் அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்பாவின் முதல் கேள்வி "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்று அம்மாவைப் பார்த்து வரும். சண்டை அவர்கள் இருவருக்கும் இடையே போய்விடும். அம்மாவிடம் ஒரு மணி நேரம் முன்னால் சொல்லுங்கள், தவறில்லை. அப்பாவிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோபம் வந்தால் கை ஓங்குகிற அப்பா, குடிக்கிற அப்பா என்றால் தனியாக உட்காராதீர்கள். அவர் யார் சொன்னால் கேட்பாரோ, தாய்மாமாவோ பெரியப்பாவோ, அவரைக் கூட வைத்துக்கொண்டு பகலில் பேசுங்கள். சொல்வதைவிடச் செத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் இந்தப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு 14416-க்கு அழையுங்கள், அது அரசின் டெலி மனஸ் எண். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசுவார்கள். விடுதி அறையில் தனியாக இருக்காதீர்கள், பக்கத்து அறை நண்பனிடம் போய் உட்காருங்கள்.

எப்போது சொல்வது என்பதற்கு அவனே ஒரு நல்ல நாள் கண்டுபிடித்தான். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் கரண்ட் நிறுத்துவார்கள். அன்று தறி ஓடாது, அப்பா வீட்டுத் திண்ணையில் இருப்பார், சத்தமும் இருக்காது. மற்ற நாட்களில் அந்த வீட்டில் கத்தித்தான் பேச வேண்டும். இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்ல முடியாது.

முதல் வாக்கியத்தை மூன்று முறை மாற்றினோம். அவன் முதலில் எழுதிவந்தது: "அப்பா, நீங்க டென்ஷன் ஆகக்கூடாது, ஒண்ணு சொல்லணும்." இதைக் கேட்ட அடுத்த நொடியில் அவர் மனதில் விபத்து, காதல், போலீஸ் கேஸ் எல்லாம் ஓடி முடித்திருக்கும். கடைசியில் வைத்துக்கொண்டது: "அப்பா, எனக்கு நாலு பாடத்துல அரியர் இருக்கு. மூணாவது செமஸ்டர்ல இருந்து உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன்." எண்ணிக்கையும் பொய்யும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். கேள்வி கடினமாக இருந்தது, சார் சரியில்லை என்பதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அவை உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் சாக்காகத்தான் கேட்கும்.

அதன் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். அவன் அப்பா ஒன்றும் திட்டவில்லையாம். எழுந்து தறிக்கூடத்துக்குப் போய், ஓடாத தறியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாராம். பையன் பின்னாலேயே போகப் பார்த்தான், அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். இரண்டு நாள் அவர் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் படிப்பை நிறுத்து, தறிக்கு வா என்ற மாதிரி எது வந்தாலும் பதிலுக்கு மோதவும் வேண்டாம், சரி என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி மார்க்கைப் பற்றியது அல்ல. "பேங்குக்குத் தெரியுமா?" கல்விக்கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்ட கூட்டுக் கடன்தாரர். பிள்ளைக்கு அது அரியர், அவருக்கு அது தவணை. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் போன பிறகுதான் தவணை தொடங்கும். குறித்த காலத்தில் படிப்பு முடியவில்லை என்றால் அவகாசம் நீட்டித்துத் தரும்படி கிளையில் கேட்க வழியுண்டு. தருவதும் தராததும் வங்கியின் முடிவு. ஆனால் தவணை தவறிய பிறகு போய் நிற்பதற்கும் முன்கூட்டியே கடிதத்தோடு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அப்பாவும் பையனுமாக அடுத்த வாரமே கிளைக்குப் போனார்கள்.

அடுத்த கேள்வி வேலை. இதில் பொய்யான நம்பிக்கை கொடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சேரும் தேதியைத் தள்ளித் தருகிற நிறுவனங்களும் உண்டு, ஆஃபரை ரத்து செய்கிறவையும் உண்டு. ப்ளேஸ்மென்ட் அதிகாரி மூலமாக எழுதிக் கேட்க வேண்டும். அரியர் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். கிரேடு ஷீட்டைச் சரிபார்க்கும் நாளில் வேலையும் போகும், பொய்ச் சான்று கொடுத்தவன் என்ற பெயரும் சேரும்.

"அடுத்த தேர்விலே எல்லாத்தையும் முடிச்சிடறேன்" என்ற வாக்குறுதியையும் கொடுக்க விடவில்லை. இந்த முறை சிக்னல்ஸும் மின்காந்தமும், நவம்பர்-டிசம்பரில் கணிதமும் மற்றதும் என்று தாளில் எழுதிக் காட்டினான். நாலு வருடப் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் ஏழு வருடம் வரை விடுகிறது என்பதையும் அதிலேயே எழுதியிருந்தான். "ஏழு வருஷமா?" என்று அம்மா பயந்துவிட்டாராம். அதைச் சேர்க்கச் சொன்னது என் யோசனை. இப்போதென்றால் சேர்க்கச் சொல்லமாட்டேன்.

மே மாதம் இரண்டும் கிளியர். ஆஃபர் போய்விட்டது, நிறுவனம் காத்திருக்கவில்லை. நவம்பரில் கணிதம் தேறினான், நாலாவது இன்னும் பாக்கி. இப்போது ஈரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டு மறுபடியும் எழுதுகிறான்.

தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போதும். இரண்டையும் அவனே அப்பாவின் போனில் பதிந்து கொடுத்திருக்கிறான். கணிதம் தேறியதை இவன் பார்ப்பதற்கு முன்பே அப்பா பார்த்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே போன் பண்ணியிருக்கிறார். என்ன சொல்கிறார் என்றே இவனுக்குக் கேட்கவில்லையாம்.