செம்புரைக்கல் சுவருக்கு மறுபடி சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: மலாக்காவில் தாத்தா வீட்டுச் சுற்றுச்சுவர் செம்புரைக்கல். இரண்டு வருஷம் முன்னால் சிமெண்ட் பூசினோம். இப்போது உப்பி, உள்ளேயிருந்து சிவப்புப் பொடி கொட்டுகிறது. எல்லாவற்றையும் கொத்திவிட்டு, கனமாகப் பூசி, வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்து, உடைந்த ஆறு கற்களையும் மாற்ற காண்ட்ராக்டர் 4,800 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அதே தவறை இன்னும் கனமாகச் செய்யத்தான் பணம் கேட்கிறார்.

செம்புரைக்கல் மண்ணுக்கடியில் ஈரமாக இருக்கும்போது கோடரிக்கே வெட்டுப்படும். வெளியே எடுத்து வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் ஈரம் வற்றி, கல்லிலுள்ள இரும்பு இறுகி, மேலே கெட்டியான தோல் ஒன்று உண்டாகும், ஆனால் உள்ளே ஆங்காங்கே களிமண் பொட்டுகள் அப்படியே இருக்கும். சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் கல்லின் துளைகள் வழியாக வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிக் கல்லை அரிக்கும், அந்தச் சிவப்புப் பொடி அதுதான். பெயிண்ட் அடித்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

சிறிய சுத்தியலால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுவிட்டது, அங்கே கை உளியால் மெல்ல எடுக்கலாம். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை வம்படியாகப் பெயர்த்தால் கல்லின் தோலும் சேர்ந்து வந்துவிடும், அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மெஷின் தண்ணீர் அடிக்கவே கூடாது.

இணைப்புகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டி, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கொஞ்சம் செங்கல்பொடி கலந்து அடைக்கவேண்டும். அடைக்கும் முன் கல்லை நனைக்கவில்லை என்றால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்புறம் சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடிவைக்கணும், சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும்.

அந்த ஆறு கற்களை வாங்கும்போது ரொம்பக் கவனம். புதிதாக வெட்டிய கல்லை அப்படியே வைத்துவிட்டு "சுவரிலேயே இறுகிடும்" என்பார்கள், நம்பாதீர்கள். மென்மையாக இருக்கும்போதே அளவுக்குச் செதுக்கி, சில மாதம் திறந்த வெளியில் போட்டு, இறுகிய பிறகுதான் வைக்கணும். ஒரு துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள், கரைந்து சேறாகக் கலங்கினால் வாங்காதீர்கள். கட்டாயமாக வெட்டவேண்டி வந்தால் வெட்டிய முகம் உள்பக்கம் போகட்டும், தோல் உள்ள முகம்தான் மழைப் பக்கம் நிற்கணும்.

அதே மலாக்காவில் குன்றின் மேலுள்ள செயிண்ட் பால் தேவாலயத்துச் சுவர்கள் கூரையில்லாமல் மழையில் நிற்கின்றன, போகும்போது அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் சுவருக்கும் பூச்சே தேவையில்லை.

முதலில் ஒரே ஒரு மீட்டர் மட்டும் செய்யச் சொல்லுங்கள், ஒரு மழைக்காலம் போகட்டும், மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.