இன்ஃபோகிராஃபிக் கட்டத்தில் தமிழ் எழுத்தை அடக்குவது

கேள்வி: தண்டையார்பேட்டை கிளினிக்கில் ஒட்ட, ஆங்கில இன்ஃபோகிராஃபிக்கைத் தமிழாக்குகிறேன். எழுத்து கட்டத்தைத் தாண்டுகிறதே?

இன்ஃபோகிராஃபிக் என்பது படமும் சில சொற்களும் சேர்ந்து செய்தி சொல்லும் தாள். தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடே ஒட்டுவதால் சொல் நீளும். பல எழுத்துகளுக்கு அகலமும் அதிகம். அதற்காகப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், எழுத்தின் வடிவமே கெட்டுவிடும். சந்துக்குள் மீன்பாடி வண்டி நுழையாவிட்டால் சுமையைத்தானே குறைப்போம்?

‘கொதிக்க வைத்த தண்ணீரை மட்டுமே குடிக்கவும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். குடிப்பதைப் பக்கத்திலுள்ள டம்ளர் படமே சொல்லிவிடுகிறது. ‘காய்ச்சிய நீர் மட்டும்’ போதும். இரண்டு வரியாக உடைத்தால், வரி இடைவெளி எழுத்தளவில் 1.3 மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் மேல்வரி ‘கு’வின் சுழி, கீழ்வரி ‘கி’யின் கொக்கியில் இடிக்கும்.

எழுத்தளவைக் குறைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போது முதலில் மறைவது புள்ளி, அடுத்து தள்ளி நின்று படிப்பவருக்கு ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும்.