வயிற்று வலி நின்றதும் அல்சர் ஆறிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு எண்டோஸ்கோபியில் இரைப்பையில் அல்சர் இருப்பது தெரிந்தது. ஆறு இடத்தில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள், கேன்சர் இல்லை என்று வந்துவிட்டது. மாத்திரையில் வலியும் போய்விட்டது. இருந்தும் 8 வாரம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்கணும் என்கிறார்கள். எதற்கு?

பதில்:

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸ். டாக்டர் சொல்லச் சொல்ல பயாப்ஸி இடுக்கியைத் திறந்து மூடுவதும், வரும் சதையை ஃபார்மலின் பாட்டிலில் போடுவதும் என் வேலை. ஒவ்வொரு துணுக்கும் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். புண்ணின் நடுவில் பெரும்பாலும் செத்த திசுவே படிந்திருக்கும் என்பதால், ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஆறு முதல் எட்டு இடத்தில் எடுப்போம். கேன்சர் இருந்தாலும் அது ஓரம் முழுக்கப் பரவியிருக்க வேண்டியதில்லை, ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். ஆறு துணுக்கும் நல்ல இடத்திலிருந்தே வந்துவிட்டால் ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும்.

அடுத்தது மாத்திரை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகள் சாதாரண அல்சரை மட்டும் ஆற்றுவதில்லை. கேன்சரால் வந்த புண்ணும் அவற்றால் சுருங்கலாம், சில சமயம் மேல் தோல் மூடியும் விடும். வலியும் நின்றுவிடலாம். அதனால் வலி போனதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

எங்களிடம் வந்த ஒரு பெரியவருக்கு முதல் பயாப்ஸியில் ஒன்றுமில்லை. "நல்லா சாப்பிடுறேன்மா, எதுக்கு மறுபடியும்?" என்று கேட்டார். மகள் வற்புறுத்திக் கூட்டிவந்தாள். புண் முக்கால்வாசி ஆறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் விளிம்பு தடித்து, பக்கத்து மடிப்பு சட்டென்று அறுந்தாற்போல நின்றது. அங்கே எடுத்த துணுக்கில் ஆரம்ப நிலைக் கேன்சர் இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டார். அந்த 8 வாரத்தை அவர் விட்டிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

பயப்படுத்தச் சொல்லவில்லை. இரைப்பை அல்சரில் பெரும்பாலானவை சாதாரணப் புண்தான், இரண்டாம் முறை பார்க்கும்போது தழும்பு மட்டுமே இருக்கும். சந்தேகம் இருந்தால் தழும்பிலும் சதை எடுப்பார்கள். சின்ன வயது, வலி மாத்திரையால் வந்த புண், பார்க்கவும் சாதாரணமாக இருக்கிறது என்றால் சில டாக்டர்கள் மறுபடி வேண்டாம் என்றும் சொல்வதுண்டு. சிறுகுடல் தொடக்கத்தில் வரும் அல்சர் கேன்சராக இருப்பது அபூர்வம் என்பதால், அதற்கு வழக்கமாக இது தேவைப்படாது.

அப்புறம், அல்சரை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கு டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். முதல் எண்டோஸ்கோபிக்கு முன்பே அப்பா அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அப்படியென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையை எப்போது, எத்தனை நாள் நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுப்பது என்று அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் அதிலுள்ள கலர் படங்களையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். புண் நன்றாக ஆறியிருந்தால் அது எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே அந்தப் படம் வேண்டும்.