துப்பிவிட்டு அவன் தேடியது எதை?

அன்புள்ள மேடம்,

என் மகனுக்கு 2 வயது 3 மாதம் ஆகிறது. சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். எடை சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு வேளையும் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் கஷ்டத்தைத்தான் என் இணையப் பக்கத்தில் வேடிக்கையாக எழுதுகிறேன். அவன் தட்டைத் தள்ளும் படத்துக்கு, "எங்கள் வீட்டு நீதிபதி இன்றும் என் மனுவைத் தள்ளுபடி செய்தார்" என்று ஒரு வரி போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "காக்காகூட இவனைவிட நன்றாகச் சாப்பிடும்", "துப்பல் மன்னன் வருகிறார், வழி விடுங்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன்.

என் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. "குழந்தையைக் கோமாளி ஆக்காதே" என்கிறார். ஒரு வேளையாவது அவனுக்கு ஊட்டிப் பார்த்திருப்பாரா? மாமியார், "போனை வைத்துவிட்டு ஊட்டினால் சாப்பிடுவான்" என்கிறார். காப்பகத்தில் தட்டைக் காலி செய்கிறானாம், அப்படியானால் என் சமையல்தான் குற்றமா? வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவனைத் துப்பல் மன்னன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் சிரிக்கிறான். அவனுக்கே கஷ்டமில்லாதபோது நாத்தனாருக்கு என்ன வந்தது? நேற்று இரண்டு வாய் ஒழுங்காக வாங்கினான். அப்புறம் என் கையைப் பார்த்தான், போன் மேசையில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே துப்பிவிட்டுச் சிரித்தான். அது போகட்டும். நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மா நாலு வரி சிரிக்க எழுதுவது அவ்வளவு பெரிய தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

"அது போகட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, அதைப் போகவிட எனக்கு மனமில்லை. நாத்தனார், மாமியார், சமையல் எல்லாம் அப்புறம். உங்களை உள்ளுக்குள் உறுத்துவது, உங்கள் மகன் போனைப் பார்த்துக்கொண்டே துப்பிய அந்த ஒரு நொடிதான். உறுத்தியிருக்காவிட்டால் அதை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

இந்த வயதுப் பிள்ளைக்கு நீங்கள் எழுதும் வரியைப் படிக்கத் தெரியாது. உங்கள் முகத்தையும் கையையும் படிக்கத் தெரியும். மேசையில் அவனுக்கு நடப்பதை அவன் பக்கம் இருந்து பாருங்கள். ஒரு வாய் வாங்கி விழுங்குகிறான், எதுவும் நடப்பதில்லை, அடுத்த கரண்டி வருகிறது. துப்புகிறான், அம்மாவின் முகம் மாறுகிறது, போன் மேலே எழும்புகிறது, அம்மா சிரிக்கிறாள். இரண்டில் எதை அவன் மறுபடி செய்வான்? இதில் அடம் ஒன்றும் இல்லை. அம்மாவைச் சிரிக்கவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான், அவ்வளவுதான். காப்பகத்தில் அந்த வழிக்கு வேலை இல்லை, அதனால் சாப்பிட்டுவிடுகிறான். உங்கள் சமையலில் குற்றம் இல்லை.

அவன் உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லும் நேரமும் உண்டு. முதல் ஒரு வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய 3 மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுவதும் சேர்த்தே சுமார் 2 முதல் 2.5 கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். அதோடு, நேற்றுவரை தின்ற பண்டத்தைக்கூட இன்று சந்தேகமாகப் பார்ப்பது இந்த வயதின் இயல்பு. உண்மையான மறுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? முகத்தைத் திருப்புவான், கரண்டியைத் தள்ளுவான், கீழே இறங்கப் பார்ப்பான். உங்களைப் பார்க்கவே மாட்டான். துப்பிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் அது வேறு. இவ்வளவு நாளும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் நாத்தனார் பக்கம். அவர் சொன்ன விதம் உங்களைக் குத்தியிருக்கும், ஆனால் சொன்னது சரி. நீங்கள் எழுதிய மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீதிபதி வரியைப் படித்து நானும் சிரித்தேன். அதில் மனு போட்டுத் தோற்றவர் நீங்கள். பிள்ளை உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், பார்க்கவே அழகாக இருக்கிறது. காக்கா வரியில் அவனை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் கீழே இறக்கிவிட்டீர்கள். மூன்றாவது வரியோ படத்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து அவன் பெயராகவே ஆகிவிட்டது. பெயர் வைத்துக் கூப்பிட்டால் குழந்தை அந்தப் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்து காட்டும். அவன் சிரிப்பதால் அவனுக்குக் கஷ்டமில்லை என்று நினைக்கிறீர்கள். கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது 2 வயதுப் பிள்ளை வேறென்ன செய்வான்?

எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் உங்களுக்கு அந்த நாலு வரிதான் கூட்டாளி என்று புரிகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள், அவன் சாப்பிடாத நாளில் மட்டும்தான் உங்களுக்குக் கூட்டாளி கிடைக்கிறது. அவன் ஒழுங்காகச் சாப்பிட்ட நாளைப் பற்றி ஒரு வரியாவது உங்களிடம் உண்டா? வேடிக்கை எப்போதும் மறுப்பில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கூர்ந்து பார்த்தால் எங்கேயும் இருக்கும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள், தட்டில் பதினொரு பட்டாணி இருந்தது, பத்தைத் தின்றுவிட்டு ஒன்றை விட்டுவிட்டான். "பத்துப் பேருக்கு விருந்தில் இடம் கிடைத்தது. பதினோராவது பட்டாணி செய்த பாவம் என்னவென்று ஐயா இன்னும் சொல்லவில்லை." சாப்பிட்ட நாளைப் பற்றிய வரிதான் இது, இதற்கும் படிப்பவர்கள் சிரிப்பார்கள். இதை எழுத போன் தேவையில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவன் தூங்கின பிறகு எழுதுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். இடையில் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பாமல் இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுமார் 20 நிமிடம் பாருங்கள், அப்புறம் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தில் கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். துப்பினால் துடைத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள். விழுங்கியதும் அவனைப் பார்த்துச் சிரித்துப் பேசுங்கள். முதல் சில நாட்கள் முன்பைவிட அதிகமாகத் துப்புவான், தட்டையே கவிழ்க்கவும் செய்வான். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று ஓங்கித் தட்டிப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஒரே ஒரு முறை சிரித்துவிட்டாலும், ஓங்கித் தட்டினால்தான் திறக்கும் என்று கற்றுக்கொள்வான்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ, வாந்தி எடுத்தாலோ, தின்னும் பண்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

பழைய படங்களில் காக்காவும் மன்னனும் வருகிறவற்றை எடுத்துவிடுங்கள், நீதிபதி இருக்கட்டும். அடுத்த முறை சொந்தக்காரர்கள் யாராவது கதவைத் திறந்ததும் "துப்பல் மன்னா" என்று கூப்பிட்டால், அவன் காதில் விழும்படியே அவன் பெயரைச் சொல்லி, "அவனை இப்படித்தான் கூப்பிட வேண்டும்" என்று சொல்லுங்கள்.