ஒரு இலக்கம் மாறி யாருக்கோ போன ரூ.12,000

கேள்வி: வீட்டு ஓனருக்கு வாடகை ரூ.12,000-ஐ யுபிஐ ஆப்பில் அனுப்பும்போது மொபைல் எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. பணம் யாருக்கோ போய்விட்டது. நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. வங்கி பிடித்துத் தருமா? 1930-க்குப் புகார் செய்யலாமா?

பதில்: 1930 சைபர் மோசடிக்கான எண். உங்களை யாரும் ஏமாற்றவில்லை, நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அங்கே போய் மோசடி என்று சொல்லாதீர்கள்.

வங்கியும் தானாகப் பிடித்துத் தராது. வெற்றிகரமாக முடிந்த யுபிஐ பரிமாற்றத்தை, பணம் பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது. அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கும் வழி மட்டும் உங்கள் வங்கியிடம் இருக்கிறது.

ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஆப்பிலேயே புகார் பதியுங்கள். காரணம் கேட்கும்போது 'பரிமாற்றம் தோல்வி' என்பதைத் தொடாதீர்கள். பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று புகாரை மூடிவிடுவார்கள். தவறான கணக்குக்கு அனுப்பியதாகத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் இன்றே உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், தேதி, தொகை, யுடிஆர், அனுப்ப நினைத்த எண், போன எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். உங்கள் வங்கி பணம் பெற்றவரின் வங்கிக்கு எழுதும், அந்த வங்கி அவரிடம் கேட்கும். தாமதித்தால் அவர் கணக்கிலிருந்து ஏதாவது இஎம்ஐ பிடித்தம் போய், திருப்பித் தர பணமே இல்லாமல் போகலாம்.

அவர் போனை எடுக்காததற்குக் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். "தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்பது மோசடிக்காரர்களின் பழைய வசனம். பயந்துபோய்கூட இருக்கலாம். மிரட்டாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: "நேற்று உங்கள் கணக்கில் ரூ.12,000 தவறுதலாக வந்திருக்கிறது. யுடிஆர் இது. எனக்கு நேராக அனுப்ப வேண்டாம், உங்கள் வங்கியில் கேட்டு உறுதி செய்துவிட்டு அங்கேயே சம்மதம் கொடுங்கள்." இப்படிச் சொன்னால் பலரும் நம்புவார்கள்.

புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தரவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் சேவைக் குறையை மட்டும்தான். பணம் பெற்றவருக்கு உத்தரவு போட மாட்டார்.

பணம் பெற்றவர் தர மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவின்படி தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வரை போகலாம். ரூ.12,000-க்கு சிவில் வழக்கு என்றால், செலவும் அலைச்சலும் கட்டாது என்பது என் கருத்து.

ஓனருக்கு வாடகை இன்னும் போகவில்லை, அதையும் இந்த வாரமே கட்டிவிடுங்கள். 2025 ஜூன் 30 முதல், அனுப்பும் முன் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே ஆப் காட்ட வேண்டும் என்பது விதி. அது ஓனர் பெயர்தானா என்று பார்த்துவிட்டு பின் நம்பரைப் போடுங்கள்.