"இரண்டு வருடமாகப் பார்வை மங்கல்": ஒரு வரியால் மறுக்கப்பட்ட கண்புரைக் கொடுப்பனவு

கேள்வி: நான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். மாங்குளத்தில் இருக்கிறேன். 2023 யூன் 1இல் ஒரு மருத்துவக் காப்புறுதி எடுத்தேன். 2025 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்குக் கற்றராக்ட் ஒப்பரேசன் செய்தேன். செலவு 145,000 ரூபா. டயக்னோசிஸ் காட்டில் 'இரண்டு வருடமாகப் பார்வை மங்கல்' என்று இருப்பதால் இது காப்புறுதிக்கு முன்பே இருந்த நோய் என்று கம்பனி மறுத்துவிட்டது. 2022இல் கிளினிக்கில் எனக்குக் கண்ணாடிதான் எழுதித் தந்தார்கள், புரை என்று ஒருவரும் சொல்லவில்லை. மேன்முறையீட்டை எப்படி எழுதுவது? கையிலுள்ள கடதாசிகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, உங்கள் கிளினிக் கொப்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2022 நவம்பர் பக்கத்தில் வலது கண்ணுக்கு 6/18 என்று எழுதி, பக்கத்தில் பி, எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் 6/6 என்றும் உள்ளன. 6/6 என்றால் சாதாரணப் பார்வை, கீழ் எண் கூடக்கூடப் பார்வை குறைவு. உங்கள் மேன்முறையீடு அந்தச் சின்ன வரியில்தான் நிற்கப் போகிறது.

அந்த எழுத்துகள் ஊசித்துளைப் பரிசோதனையைக் குறிக்கும். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணுக்கு முன்னால் சின்னத் துளையுள்ள கறுப்புத் தட்டைப் பிடித்து எழுத்தை வாசிக்கச் சொல்வார்கள். ஒளி விழித்திரையில் சரியாகக் குவியாததால் வரும் மங்கல் என்றால், துளை வழியாகப் பார்க்கும்போது தெளியும். அதற்குக் கண்ணாடி போதும். புரை வந்து கண்ணின் வில்லையே கலங்கிப்போயிருந்தால் துளையால் முழுதாகத் தெளியாது. 2022இல் உங்களுக்கு 6/6 வரை தெளிந்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிய தாளிலோ 6/36, துளையிலும் 6/24. இந்த இரண்டு அளவீடுகளுக்கும் நடுவில் வருகிறது உங்கள் காப்புறுதி தொடங்கிய நாள்.

கம்பனி போட்ட கணக்கு விளங்குகிறது. காப்புறுதி எடுத்து 20 மாதத்தில் சிகிச்சை, மங்கல் 24 மாதம், ஆகவே நோய் முந்தியது. வாட்டில் அனுமதிக்கும்போது இளம் வைத்தியர் "எவ்வளவு காலமாப் பார்வை குறைவு?" என்று கேட்டிருப்பார், நீங்கள் "ஒரு ரெண்டு வருசம் இருக்கும்" என்றிருப்பீர்கள். அது நோய் தொடங்கிய திகதி அல்ல, நோயாளி சொன்ன உத்தேசம். உரிமைக்கோரல் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில் இப்படி வாய்ச்சொல்லாகப் பதிவான வரிகளை வைத்தே எத்தனையோ கோவைகள் மூடப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எழுத முன் காப்புறுதிப் பத்திரத்தில் 'முன்பே இருந்த நோய்' என்பதற்குக் கொடுத்திருக்கும் வரைவிலக்கணத்தை வாசியுங்கள். சில பத்திரங்களில் வைத்தியரால் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய் என்று இருக்கும். அப்படியென்றால் உங்கள் பக்கம் மிகவும் பலமானது. சிலவற்றில் 'தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும்' என்ற சொற்கள் இருக்கும். அப்போது கண்டறியப்பட்ட திகதி மட்டும் போதாது, ஊசித்துளை அளவீடும் நிபுணரின் கடிதமும் கட்டாயம் வேண்டும். அதே இடத்தில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் ஏதும் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வருடம் என்று இருந்தால், இந்தக் காரணத்தை நீங்கள் உடைத்தாலும் அந்த விதியில் பணம் நின்றுவிடும்.

அடுத்தது நிபுணரின் கடிதம். டயக்னோசிஸ் காட்டைத் திருத்தித் தரும்படி கேட்கவே கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியின் மூலப் பதிவில் பழைய வரி அப்படியே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் நேர்மைதான் கேள்விக்குள்ளாகும். 2022 பக்கத்தின் போட்டோகொப்பியைக் காட்டி இரண்டு விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள்: புரை முதலில் எப்போது கண்டறியப்பட்டது, 2022 அளவீடு எதைக் காட்டுகிறது.

இனிக் கடிதம். ஓய்வூதியக்காரர் என்ற கஷ்டம், தவறாமல் கட்டிய தவணைப்பணம் எல்லாம் மனதில் இருக்கும். அவற்றை எழுத வேண்டாம். மறுப்புக் கடிதத்தின் திகதியையும் இலக்கங்களையும் தலைப்பில் போட்டுவிட்டு இப்படித் தொடங்கலாம்:

"ஐயா/அம்மணி,

முன்பே இருந்த நோய் எனக் காட்டி எனது கோரிக்கை நிராகரிக்கப்பட்டதை மீள்பரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். டயக்னோசிஸ் காட்டிலுள்ள 'இரண்டு வருடம்' என்பது அனுமதியின்போது நான் வாய்மொழியாகச் சொன்ன உத்தேசக் காலம். 2022 நவம்பரில் எனக்கிருந்த பார்வை மங்கல், ஊசித்துளைப் பரிசோதனையில் 6/6 வரை தெளிந்து, கண்ணாடியால் சரிசெய்யப்பட்டது. கண்புரை முதன்முதலில் 2024 செப்டெம்பரிலேயே, காப்புறுதி தொடங்கி 15 மாதங்களின் பின், கண்டறியப்பட்டது. கிளினிக் கொப்பியின் பக்கமும் நிபுணரின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.

2023 யூன் 1இற்கு முன் எனக்குக் கண்புரை இருந்ததாகக் காட்டும் மருத்துவ ஆதாரம் தங்களிடம் இருப்பின் அதன் பிரதியையும், தாங்கள் சார்ந்திருக்கும் விதியின் இலக்கத்தையும் எழுத்தில் தரவும். இல்லையெனில் 145,000 ரூபாவைச் செலுத்துமாறு வேண்டுகிறேன்."

கடைசிப் பந்தியை விட்டுவிடாதீர்கள். விலக்கு விதி ஒன்றைக் காட்டிப் பணத்தை மறுக்கும் கம்பனிதான் அந்த விதி பொருந்துகிறது என்று நிறுவ வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியோடு பின் அடித்து வையுங்கள். மூலப் பத்திரம் எதையும் அனுப்ப வேண்டாம்.

பலவீனமான இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். புரையின் தொடக்கத்திலேயே சிலருக்குத் தூரப் பார்வைக்கான கண்ணாடியின் மைனஸ் எண் கூடிக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தில் கண்ணாடி போட்டால் ஓரளவு தெரியவும் செய்யும். கம்பனியின் வைத்தியர் இதைக் கிளப்பலாம். உங்கள் 2022 கண்ணாடிச் சீட்டில் தூரத்துக்குப் பிளஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் என்றால் அந்தச் சீட்டையும் இணையுங்கள். அதே கொப்பியில் எங்காவது வில்லையில் கலங்கல் என்று முன்பே குறித்திருந்தால் இந்த வாதம் நிற்காது. அதை மறைத்து அனுப்பவும் கூடாது.

முகவர் நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கேட்டு எடுங்கள். 'கண் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தால், கண்ணாடி அணிந்ததை மறைத்தீர்கள் என்று புதிதாக ஒரு காரணம் வரக்கூடும். கண்ணாடியால் 6/6 தெளிந்த குறைபாடு வேறு, புரை வேறு என்ற அதே ஆதாரம்தான் அதற்கும் பதில்.

கம்பனியின் இறுதி முடிவும் மறுப்பாக வந்தால், கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு முழுக் கோவையின் பிரதியோடு எழுதலாம். கட்டணம் இல்லை. ஆனால் வழக்குப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும், ஆகவே சட்டத்தரணியிடம் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இடது கண்ணையும் செய்யவேண்டும் என்று நிபுணரின் தாளில் இருக்கிறது. அந்த நாளில் அனுமதி வைத்தியர் கேட்கும்போது உத்தேசம் சொல்லாமல், கிளினிக் கொப்பியை அவர் கையிலேயே கொடுத்துத் திகதியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.