எம்பசிஸ் போடலாமா, குவாலிஃபை செய்ய வேண்டுமா? தணிக்கை கேள்வி-பதில்

கேள்வி (கிருஷ்ணகிரி): ஐயா, நான் தணிக்கை செய்யும் கிரானைட் கம்பெனிக்கு, அனுமதித்த அளவை மீறிக் கல் வெட்டியதாக 1.8 கோடி ரூபாய் அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. கம்பெனியின் நிகர மதிப்பு 6 கோடி. "குவாலிஃபை பண்ணாதீங்க, பேங்க்ல லிமிட் போயிடும். எம்பசிஸ் ஆஃப் மேட்டர் போட்டுடுங்க" என்கிறார் டைரக்டர். போடலாமா?

பதில்: பேங்க் லிமிட்டை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. முதலில் கணக்கு சரியா என்று பாருங்கள். நோட்டீஸ், பதில் மனு, இடைக்காலத் தடை உத்தரவு ஆகியவற்றை வாங்கிப் படியுங்கள். வக்கீலிடமிருந்து எழுத்தில் கருத்து கேளுங்கள்.

தோற்று, பணம் கட்ட வேண்டிவரும் வாய்ப்பே அதிகம் என்று அவற்றிலிருந்து தெரிந்தால், கம்பெனி அதற்கு ஒதுக்கீடு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கணக்கே தவறு, குவாலிஃபைடு கருத்துதான். முடிவு எப்படியும் போகலாம் என்ற நிலை என்றால் ஒதுக்கீடு வேண்டாம், ஆனால் தொகையும் வழக்கின் நிலையும் குறிப்பில் முழுதாக வர வேண்டும். அப்படி வந்து, அதற்குப் போதிய ஆதாரமும் உங்கள் கையில் இருந்தால், அப்போதுதான் எஸ்.ஏ. 706 சொல்லும் எம்பசிஸ் பத்திக்கு இடம். நிகர மதிப்பில் 30 சதவீதம் என்பதால் இங்கே அது பொருந்தும். இப்படி எழுதலாம்: "குறிப்பு 27-ஐக் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம், சுரங்க அபராதம் தொடர்பான வழக்கின் முடிவு நிச்சயமற்றதென அதில் விவரிக்கப்பட்டுள்ளது. இதனால் எங்கள் கருத்தில் மாற்றம் இல்லை."

குறிப்பில் இல்லாத விவரத்தை அந்தப் பத்தியில் நீங்களாகச் சேர்க்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். "வழக்குகள் நிலுவையில் உள்ளன" என்ற ஒற்றை வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு, தொகையை ஆடிட்டர் தன் அறிக்கையில் போடுவார். குறிப்பு போதாது என்பதற்கு அதுவே சாட்சி. குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் குவாலிஃபை செய்யுங்கள். சரி, வக்கீல் கடிதமே தர மறுத்து, வேறு ஆதாரமும் கிடைக்காவிட்டால்? அதுவும் எம்பசிஸ் இல்லை. ஆதாரம் கிடைக்காததற்காகக் குவாலிஃபைடு. பாதிப்பு கணக்கு முழுவதும் பரவக்கூடியதென்றால் கருத்து சொல்லவே மறுக்க வேண்டும்.

கேள்வி (தர்மபுரி): போன வருடம் வேறொரு ஆடிட்டர் பார்த்தார். அதை எங்கே சொல்வது?

பதில்: அதர் மேட்டர் பத்தியில். இது கணக்கில் சொல்லப்படாத, ஆனால் தணிக்கையையோ அறிக்கையையோ புரிந்துகொள்ளத் தேவையான விஷயம். முந்தைய ஆடிட்டர் தணிக்கை செய்தது, அவர் தந்த கருத்தின் வகை, அறிக்கைத் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அவர் தந்தது குவாலிஃபைடு போன்ற மாற்றப்பட்ட கருத்து என்றால், அதற்கான காரணமும் வேண்டும். இந்தப் பத்தியைப் போட்டதால் ஆரம்ப இருப்புகளைச் சரிபார்க்கும் வேலை போய்விடாது.

கேள்வி (ஓசூர்): தொடர் நஷ்டம், தொழில் நடக்குமா என்றே சந்தேகம். எம்பசிஸ் போதுமா?

பதில்: போதாது. தொடர்ந்து இயங்குவதில் பெரும் நிச்சயமின்மை இருந்து, குறிப்பில் அது சரியாகச் சொல்லப்பட்டிருந்தால், எஸ்.ஏ. 570 கேட்கும் தனித் தலைப்பில் எழுத வேண்டும், கருத்து மாறாது. குறிப்பு போதாதென்றால் குவாலிஃபைடு அல்லது பாதகக் கருத்து. தொழில் இனி ஓடாது என்பது தெளிவாகியும், ஓடும் என்ற அடிப்படையிலேயே கணக்குப் போட்டிருந்தால் பாதகக் கருத்து மட்டும்தான்.